எந்தத் திரை ஜெயித்தது?

2007 டிசம்பர். அமெரிக்க அதிபர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. போட்டியில் இருந்த பராக் ஒபாமாவின் பிரசார இணையதளத்துக்குள் நுழைபவர்கள் முதலில் ஒரு வரவேற்புத் திரையைப் பார்த்தார்கள். மேலே ஒபாமாவின் படம், அதன் கீழே மின்னஞ்சல் முகவரியை எழுத ஒரு கட்டம், பக்கத்தில் "Sign Up" என்று ஒரு பட்டன். அவ்வளவுதான் அந்தத் திரை. ஆனால் அங்கே முகவரி கொடுத்தவர்களிடமிருந்துதான் பின்னாளில் நன்கொடை வந்தது, தன்னார்வலர்கள் கிடைத்தார்கள். எனவே வருகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் முகவரி தருகிறார்கள் என்பது பிரசாரக் குழுவுக்கு முக்கியமான எண்ணாக இருந்தது.

கூகுளில் குரோம் உலாவிக் குழுவில் பணியாற்றிய டான் சிரோக்கர் அப்போது பிரசாரத்துக்கு உதவ வந்திருந்தார். திரையின் மேல்பகுதிக்கு மூன்று புகைப்படங்கள், மூன்று வீடியோக்கள் என ஆறு யோசனைகள் குழுவின் கையில் இருந்தன. பட்டனில் எழுத நான்கு வாசகங்கள் இருந்தன. குழுவினர் பலருக்கும் ஒரு வீடியோ மிகவும் பிடித்திருந்தது. ஒபாமாவின் பேச்சைக் கேட்டால் மக்கள் மனம் இளகும் என்பது அவர்கள் நம்பிக்கை. சிரோக்கர் விவாதத்தை நீட்டவில்லை. நான்கு பட்டன், ஆறு மேல்பகுதி, ஆக 24 திரைகள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டு, வருகிறவர்களைக் குலுக்கல் முறையில் அவற்றுக்குப் பிரித்து அனுப்பினார்.

மொத்தம் 3,10,382 பேர் வந்தார்கள். ஒவ்வொரு திரையையும் சுமார் 13,000 பேர் பார்த்தார்கள். பழைய திரையில் முகவரி கொடுத்தவர்கள் 8.26 சதவீதம். ஒபாமா குடும்பத்தின் புகைப்படமும் "Learn More" என்ற பட்டனும் சேர்ந்த திரையில் 11.6 சதவீதம். குழுவுக்குப் பிடித்த வீடியோ தோற்றது. அது மட்டுமல்ல, மூன்று வீடியோக்களுமே மூன்று புகைப்படங்களுக்கும் பின்னால்தான் நின்றன.

இணைய உலகில் இதை ஏ/பி சோதனை என்கிறார்கள். பழைய திரை ஏ, புதிய திரை பி. இன்று பெரிய இணைய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இவற்றை நடத்துகின்றன. செய்முறை எளிது. 8.26, 11.6 என்று இரண்டு எண்கள் கையில் வந்தபின், அந்த இடைவெளி திரையால் வந்ததா, தற்செயலாக வந்ததா என்று தீர்மானிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஏன் குலுக்கல்?

டிசம்பர் முழுக்கப் பழைய திரை, ஜனவரி முழுக்கப் புதிய திரை என்று வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா? அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வரலாறே சொல்கிறது. 2008 ஜனவரி 3ஆம் தேதி அயோவா மாநில வாக்கெடுப்பில் ஒபாமா வென்றார். நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்த வாரம் இணையதளத்துக்கு வந்தவர்கள் முந்தைய மாதம் வந்தவர்களைப் போன்றவர்கள் அல்ல, வந்த மனநிலையும் வேறு. எந்தத் திரையை வைத்திருந்தாலும் எண் மாறியிருக்கும். அந்தப் பெருமையோ பழியோ திரையின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

குலுக்கல் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் வருகிறவர்களில் யாருக்கு ஏ, யாருக்கு பி என்பதை முன்பின் தொடர்பில்லாத ஓர் எண் முடிவு செய்கிறது. தேர்தல் செய்தி, விடுமுறை, மழை, விளம்பரம் எதுவானாலும் இரு பக்கத்தையும் ஒரே அளவில் பாதிக்கும். நடைமுறையில் ஒவ்வொருவருக்கும் உலாவியில் ஓர் அடையாள எண் பதியப்படுகிறது. அந்த எண்ணைக் கணக்கிட்டுப் பிரிவு ஒதுக்குவதால், அதே உலாவியில் அவர் மறுநாள் வந்தாலும் நேற்றுப் பார்த்த திரையையே பார்ப்பார். இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று மாறினால் எந்தத் திரை அவரை முகவரி கொடுக்க வைத்தது என்று சொல்ல முடியாது.

இந்த முறை கணினிக்கு முந்தியது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் 1920களில் உரச் சோதனைக்காக வகுத்தது. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தால்தான் மண்ணின் குணத்தையும் உரத்தின் குணத்தையும் பிரித்தறியலாம் என்றார் அவர்.

தற்செயல் எவ்வளவு தூரம் போகும்?

ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால் சரியாக 50 தலை விழுவது அபூர்வம். 46 விழலாம், 55 விழலாம். நாணயத்தில் கோளாறு இல்லை, தற்செயலின் இயல்பே அது. இணையத் திரையும் அப்படித்தான். ஒரே திரையை இரண்டு பிரிவினருக்குக் காட்டினாலும் இரண்டு எண்களும் ஒன்றாக வராது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டு திரைகளுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், தற்செயலாக மட்டும் எவ்வளவு இடைவெளி வரக்கூடும்?

ஒபாமா திரைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 13,000 பேரில் 8.26 சதவீதம் என்றால் சுமார் 1,074 பேர். 11.6 சதவீதம் என்றால் சுமார் 1,508 பேர். இடைவெளி 434 பேர். இரண்டு பிரிவினரும் பழைய திரையையே பார்த்திருந்தால், புள்ளியியல் கணக்குப்படி தற்செயல் இடைவெளி பெரும்பாலும் 44 பேர் அளவுக்குள் இருக்கும். இருபது முறை நடத்தினால் பத்தொன்பது முறை 87 பேரைத் தாண்டாது. வந்திருப்பதோ 434. 24 திரைகள் போட்டியிட்டதால் ஏதாவது ஒன்று அதிர்ஷ்டத்தில் முந்துவதற்கு வாய்ப்பு கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொண்டாலும், இவ்வளவு பெரிய இடைவெளியைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

இதே சோதனையை ஆளுக்கு 13,000 இல்லாமல் நூறு நூறு பேரை வைத்து முடித்திருந்தால்? ஒரு பக்கம் 8 பேர், மறுபக்கம் 12 பேர் முகவரி கொடுத்திருப்பார்கள். சதவீதத்தில் பார்த்தால் ஏறக்குறைய அதே வெற்றி, ஒன்றரை மடங்கு. ஆனால் நூறு பேர் கொண்ட பிரிவுகளில், ஒரே திரையைக் காட்டினாலே நான்கோ அதற்கு மேலோ வித்தியாசம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒரு முறை வரும். அந்த 8-க்கு 12 எதையும் நிரூபிக்காது. ஒரு சோதனையின் முடிவைச் சதவீதத்தில் மட்டும் சொல்லி, எத்தனை பேர் என்பதைச் சொல்லாமல் விட்டால் அதை நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

வித்தியாசமே இல்லாத இரண்டு திரைகள் தற்செயலால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய இடைவெளியைக் காட்டும் வாய்ப்பை பி-மதிப்பு என்கிறார்கள். அது 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 1925இல் வெளியான ஃபிஷரின் நூல் வழியே பரவிய எல்லைக்கோடு இது. இயற்கை விதி எதுவும் இல்லை, வசதிக்காக வரைந்த கோடு. அந்தக் கோட்டை ஏற்றுக்கொள்பவர், வித்தியாசமே இல்லாத இருபது சோதனைகளில் ஒன்று "வித்தியாசம் உண்டு" என்று பொய் சொல்லும் என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்.

எத்தனை பேர் வேண்டும்?

இதைச் சோதனை தொடங்கும் முன்பே கணக்கிட வேண்டும். அதற்கு இத்துறையினர் கைவசம் வைத்திருக்கும் சூத்திரம் சிறியது.

```
n = 16 × p × (1 − p) / d²
```

n என்பது ஒவ்வொரு பிரிவுக்கும் தேவையான ஆட்கள். p என்பது இப்போதைய விகிதம். d என்பது கண்டுபிடிக்க விரும்பும் மிகச் சிறிய வித்தியாசம். இப்படிக் கணக்கிட்டால், அந்த வித்தியாசம் நிஜமாகவே இருக்கும்போது ஐந்தில் நான்கு முறை சோதனை அதைப் பிடித்துவிடும்.

ஓர் இணையக் கடையை எடுத்துக்கொள்ளலாம். வருகிறவர்களில் 5 சதவீதம் பேர் பொருள் வாங்குகிறார்கள். புதிய திரை அதை 5.5 ஆக்கினால் லாபம் என்று உரிமையாளர் நினைக்கிறார். p 0.05, d 0.005. விடை 30,400. இரண்டு பிரிவுக்கும் சேர்த்து 60,800 பேர். கடைக்கு நாளொன்றுக்கு 500 பேர்தான் வருகிறார்கள் என்றால் சோதனை நான்கு மாதம் ஓட வேண்டும். அதே கடை 5 சதவீதத்தை 7 ஆக்கக்கூடிய பெரிய மாற்றத்தைச் சோதித்தால் பிரிவுக்கு 1,900 பேர் போதும், எட்டு நாளில் கூட்டம் சேர்ந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவரும் திங்கட்கிழமை வாங்குகிறவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. எனவே எட்டாம் நாள் நிறுத்தாமல் இரண்டு முழு வாரங்கள் ஓடவிடுவது நல்லது.

வித்தியாசம் பாதியானால் ஆட்கள் நான்கு மடங்கு வேண்டும். கோடிக்கணக்கானோர் வரும் தளங்கள் பட்டனின் நிறத்தைக்கூடச் சோதிக்க முடிவதும், சிறிய கடை அதையே செய்தால் காலமும் காசும் வீணாவதும் இந்தக் கணக்கால்தான்.

தினமும் எட்டிப் பார்த்தால்

சோதனை தொடங்கிய மறுநாளே திரையில் எண்கள் ஓட ஆரம்பிக்கும். பார்க்காமல் இருப்பது கடினம். மூன்றாம் நாள் புதிய திரை முன்னால் நிற்கிறது, பி-மதிப்பு 5 சதவீதத்துக்குக் கீழே. "ஜெயித்துவிட்டது, நிறுத்திவிடலாம்" என்கிறார் யாரோ ஒருவர். தவறான முடிவுகள் மிகுதியாகப் பிறக்கும் இடம் இதுதான்.

5 சதவீதக் கோடு, ஒரே ஒரு முறை, முடிவில் பார்ப்பதற்காக வரைந்தது. நடுவில் பலமுறை பார்த்து, எப்போது கோட்டைத் தாண்டுகிறதோ அப்போதே நிறுத்தினால் தற்செயலுக்குப் பல வாய்ப்புகள் தருகிறோம். ஆரம்ப நாட்களில் ஆட்கள் குறைவாக இருப்பதால் எண்கள் மேலும் கீழும் அதிகம் ஆடும். ஏதோ ஒரு நாள் கோட்டைத் தொட்டுவிடும். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் பீட்டர் ஆர்மிடேஜும் சக ஆய்வாளர்கள் இருவரும் 1969இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சமமான இடைவெளிகளில் ஐந்து முறை பார்த்தால் பொய் வெற்றியின் வாய்ப்பு 5இலிருந்து 14 சதவீதமாகிறது. பத்து முறை பார்த்தால் 19 சதவீதம். அதாவது வித்தியாசமே இல்லாத ஐந்து சோதனைகளில் ஒன்று வெற்றி என்று அறிவிக்கப்படும்.

இதற்கு மருந்து இரண்டு. ஆட்களின் எண்ணிக்கையை முன்பே நிர்ணயித்து, அது நிறையும்வரை தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது ஒன்று. இடையிடையே பார்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட, ஒவ்வொரு பார்வைக்கும் கோட்டைக் கடுமையாக்கும் புள்ளியியல் முறையைப் பயன்படுத்துவது மற்றொன்று. மருந்துச் சோதனைகளில் இந்த இரண்டாவது முறை நெடுங்காலமாக வழக்கத்தில் உண்டு, இப்போது பல இணையச் சோதனைக் கருவிகளிலும் இருக்கிறது. திரை உடைந்து யாராலும் பட்டனை அழுத்த முடியவில்லை என்பது போன்ற விபத்தைக் கண்டறிய எட்டிப் பார்ப்பதில் தவறில்லை. வெற்றியை அறிவிக்க எட்டிப் பார்ப்பதுதான் தவறு.

தலைகளை எண்ணுங்கள்

முடிவைப் பார்க்கும் முன் இன்னொரு சிறிய சோதனை உண்டு. பாதிக்குப் பாதி என்று பிரித்திருந்தால், இரு பக்கத்திலும் ஏறக்குறைய சமமான ஆட்கள் இருக்க வேண்டும். ஒரு லட்சம் பேரில் ஒரு பக்கம் 50,600, மறுபக்கம் 49,400 என்று வந்தால் பலரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் நேர்மையான குலுக்கலில் இவ்வளவு சாய்வு வரும் வாய்ப்பு ஐயாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. எங்கோ ஆட்கள் கழன்றுபோயிருக்கிறார்கள் என்று பொருள். கழன்றவர்கள் யார் என்று தெரியாதவரை மற்ற எண்கள் எதையும் நம்ப முடியாது.

மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் முகப்புப் பக்கத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அங்கே செய்திப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும் பகுதியில் 12 படங்கள் இருந்தன. அதை 16 ஆக்கிச் சோதித்தார்கள். வாசகர்கள் அதிக நேரம் பார்ப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. முடிவோ தலைகீழாக வந்தது, ஈடுபாடு குறைந்துவிட்டது. யோசனையைக் கைவிட்டிருக்கலாம். ஆனால் தலைகளை எண்ணியபோது புதிய திரையின் பக்கம் ஆட்கள் குறைவாக இருந்தது தெரிந்தது.

துருவிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. மனிதர்களைப் போல நடித்துத் தளங்களை மேயும் தானியங்கி நிரல்களைக் கணக்கிலிருந்து நீக்க ஒரு வடிகட்டி வைத்திருந்தார்கள். பதினாறு படங்களையும் ஆர்வமாகத் தட்டித் தட்டிப் பார்த்த வாசகர்களை அது நிரல்கள் என்று நினைத்து நீக்கிவிட்டது. புதிய திரையை மிகவும் விரும்பியவர்களே கணக்கில் இல்லை. வடிகட்டியைச் சரிசெய்து மறுபடி கணக்கிட்டதும் முடிவு திரும்பியது. புதிய திரைதான் வென்றிருந்தது.

எதை அளக்கிறோம்?

எண்கள் சரியாக இருந்தாலும், தவறான பொருளை அளந்தால் பயன் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுபொறியில் ஒரு சோதனையின்போது நிரலில் பிழை புகுந்து, பயனாளர்களுக்கு மட்டமான தேடல் முடிவுகள் போய்ச் சேர்ந்தன. அப்போது ஒருவர் செய்யும் தேடல்கள் 10 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தன. வருமானம் 30 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. தேடியது கிடைக்காததால் மக்கள் மறுபடி மறுபடி தேடினார்கள். முடிவுகளைவிட விளம்பரங்கள் பொருத்தமாகத் தெரிந்ததால் அவற்றை அழுத்தினார்கள்.

புள்ளியியல்படி அந்த வித்தியாசம் முழுக்க உண்மை. ஆனால் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் மக்கள் வேறு தேடுபொறிக்குப் போயிருப்பார்கள். ஒருவர் எத்தனை முறை திரும்பி வந்து பிங்கைப் பயன்படுத்துகிறார் என்பதையே முக்கிய அளவுகோலாகக் கொண்டது அந்தக் குழு. எந்த அளவுகோல் தீர்ப்புச் சொல்லும் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. முடிவு வந்தபின் இருபது அளவுகோல்களைப் புரட்டி, சாதகமான ஒன்றைப் பொறுக்கி எடுக்கும் சபலத்துக்கு அது இடம் தராது.

வெற்றியின் அளவு

ஒபாமா திரைக்குத் திரும்பினால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 11.6 என்பது 8.26ஐவிட சுமார் 40 சதவீதம் அதிகம். பிரசாரம் முடிவதற்குள் அந்தத் திரை வழியாகச் சுமார் ஒரு கோடிப் பேர் முகவரி தந்தார்கள். பழைய திரையே இருந்திருந்தால் அதில் சுமார் 28 லட்சத்து 80 ஆயிரம் முகவரிகள் கிடைத்திருக்காது, அவற்றால் வந்த கூடுதல் நன்கொடை சுமார் 6 கோடி டாலர் என்று சிரோக்கர் பின்னர் கணக்கிட்டார்.

புதிய திரை மேலானது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு மேலானது என்பதில் நிதானம் வேண்டும். தற்செயலின் ஆட்டத்தைக் கணக்கில் எடுத்தால் முன்னேற்றம் 32 முதல் 49 சதவீதம் வரை எங்கும் இருந்திருக்கலாம். 24 பேரில் முதலிடம் பிடித்த திரைக்குத் தகுதியோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் கைகொடுத்திருக்கும் என்பதால், உண்மையான அளவு சற்றுக் குறைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மேலும் டிசம்பரில் வந்தவர்களிடம் கண்ட முன்னேற்றம் அடுத்த நவம்பர் வரை மாறாமல் நீடித்தது என்ற ஊகத்தின் மேல்தான் அந்த 6 கோடி நிற்கிறது.

இதைச் சரிபார்க்க ஒரே வழி, சோதனையைத் திரும்ப நடத்துவது. 2012இல் பிங் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். விளம்பரத்தின் தலைப்போடு அதன் கீழுள்ள முதல் வரியையும் சேர்த்து நீளமாகக் காட்டலாம் என்று ஓர் ஊழியர் சொன்ன யோசனை ஆறு மாதத்துக்கு மேல் யாரும் தொடாமல் கிடந்தது. ஒரு பொறியாளர் அதை எழுதி ஓடவிட்டதும், வருமானம் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்துவிட்டது, ஏதோ பிழை என்று எச்சரிக்கை மணி அடித்தது. குழு பிழையைத் தேடியது, கிடைக்கவில்லை. நீண்ட காலத்துக்குப் பலமுறை சோதனையைத் திரும்ப நடத்தியது. ஒவ்வொரு முறையும் அதே திரை வென்றது. வருமானம் 12 சதவீதம் உயர்ந்தது, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குப் பத்து கோடி டாலருக்கு மேல்.